போன் கையில் இருக்கும்போதே செய்து வைக்க வேண்டியது

(தோட்டத் தலைவிமார், இளைஞர் பிரதிநிதிகளுக்கான பயிற்சி நாளில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



போன் தொலைந்தவர்கள் சங்கக் காரியாலயத்துக்கு வந்தால் கேட்பது ஒரே கேள்விதான்: "இப்ப என்ன செய்யலாம்?" பல நேரம் அதற்குச் சொல்லக்கூடிய பதில் மிகவும் கொஞ்சம். தொலைந்த போனைத் தூரத்திலிருந்து பூட்டவும், அது எங்கே இருக்கிறது என்று பார்க்கவும் வழி உண்டு. ஆனால் அந்த வழி, போன் நம் கையில் இருக்கும்போதே திறந்து வைத்திருந்தால்தான் வேலை செய்யும். ஆகவே இன்றைக்கு நான் பேசப்போவது தொலைந்த போனைப் பற்றி அல்ல. இப்போது உங்கள் கையில் இருக்கிறதே, அந்தப் போனைப் பற்றி. எல்லோரும் வெளியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பேசிக்கொண்டே செய்வோம்.

நம்மிடம் இருப்பவை பெரும்பாலும் அன்ட்ரொயிட் போன்கள். அதனால் அதையே சொல்கிறேன். பட்டன் போன் வைத்திருப்பவர்களுக்கு இந்த வசதி கிடையாது. ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு இதே போன்ற ஏற்பாடு Find My என்ற பெயரில் இருக்கிறது. அவர்கள் வேறொரு போனிலிருந்து பார்க்க வேண்டிய முகவரி icloud.com/find.

முதலில், இந்தப் போன் யாருடைய ஜிமெயிலில் இருக்கிறது?

போனைக் காசு கொடுத்து வாங்கியது நாம். ஆனால் அந்தப் போனைத் தூரத்திலிருந்து பூட்டுகிற அதிகாரம், அதற்குள் போட்டிருக்கும் கூகுள் கணக்குக்குத்தான் இருக்கிறது. அதைத்தான் நாம் ஜிமெயில் என்று சொல்கிறோம். நம்மில் எத்தனை பேருக்கு அந்த ஜிமெயில் பெயரும் கடவுச்சொல்லும் தெரியும்?

டவுனில் போன் வாங்கும்போது கடைத் தம்பியே ஒரு ஜிமெயில் போட்டுத் தருவார். கடவுச்சொல்லையும் அவரே போடுவார். நாம் வட்ஸ்அப் வருகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு பஸ் ஏறிவிடுவோம். சில வீடுகளில் கொழும்பில் வேலை செய்யும் மகன், தான் பாவித்த போனைத் தாய்க்குக் கொடுத்திருப்பார். அதில் இருப்பது மகனுடைய ஜிமெயில். சில வீடுகளில் மத்திய கிழக்கில் இருக்கும் மகள் அனுப்பிய போன். அதில் மகளுடைய ஜிமெயில்.

இதில் இரண்டு ஆபத்து இருக்கிறது. ஒன்று, போன் தொலைந்த அன்று பூட்டுவதற்கு நமக்கு வழி இருக்காது. கடைத் தம்பிக்கு அந்தக் கடவுச்சொல் ஞாபகம் இருக்கப்போவதில்லை. இரண்டாவது ஆபத்தைத் தலைவிமார் கவனமாகக் கேளுங்கள். உங்கள் ஜிமெயிலின் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறதோ, அவர் உங்கள் போன் இப்போது எந்த இடத்தில் இருக்கிறது என்று வரைபடத்தில் பார்க்க முடியும். நீங்கள் மலையில் நிற்கிறீர்களா, டவுனில் நிற்கிறீர்களா, ஆஸ்பத்திரியில் நிற்கிறீர்களா என்று தெரிந்துவிடும். தொலைந்த போனைத் தேடித் தருகிற அதே வசதி, ஒரு பெண்பிள்ளையைப் பின்தொடரவும் பயன்படும். ஆகவே அந்தக் கடவுச்சொல் அந்நியர் ஒருவரிடம் இருக்கக்கூடாது.

இப்போது பாருங்கள். போனில் Settings திறந்து, கீழே போய் Google என்பதைத் தொடுங்கள். மேலே ஒரு பெயரும் ஜிமெயில் முகவரியும் தெரியும். அது உங்களுடையதா? உங்களுடையதுதான், ஆனால் கடவுச்சொல் தெரியாது என்றால் இப்போதே மாற்றிக்கொள்ளுங்கள். அதே பக்கத்தில் Manage your Google Account என்று இருக்கும். அதற்குள் Security என்ற பகுதியில் Password இருக்கிறது. பழைய கடவுச்சொல் தெரியாவிட்டால் Forgot password என்பதைத் தொடுங்கள். போன் உங்கள் கையில் இருப்பதால், இது நீங்கள்தான் என்று உறுதிப்படுத்திக்கொண்டு புதியதைப் போட விடுவதற்கு இன்றைக்குத்தான் வாய்ப்பு அதிகம். போன் தொலைந்த பிறகு இதே வேலை பெரும்பாடு.

மகனின் ஜிமெயிலோ மகளின் ஜிமெயிலோ இருந்தால், அது பெரிய தப்பில்லை. ஆனால் யார் பூட்ட வேண்டும் என்பதைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். போன் தொலைந்தால் மகளுக்கு யார், எந்த இலக்கத்திலிருந்து அழைப்பது? அந்த இலக்கம் தொலைந்த போனுக்குள் மட்டும் இருந்தால் அழைக்க முடியாது அல்லவா? கடதாசியில் எழுதி வைக்க வேண்டும்.

இரண்டாவது, திரைப் பூட்டு

போனைத் திறக்கும் இலக்கம், அதாவது PIN, போடாதவர்கள் கை தூக்குங்கள். பரவாயில்லை, கூச்சப்பட வேண்டாம். வீட்டில் பிள்ளைகள் பாடம் பார்க்கிறார்கள், ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள் என்பதால் எடுத்துவிடுகிறோம். ஆனால் நான் அடுத்துச் சொல்லப்போகும் Remote Lock, திரைப் பூட்டு இல்லாத போனில் வேலை செய்யாது. இருக்கிற பூட்டைத் தூரத்திலிருந்து சாத்துவதுதான் அதன் வேலை. பூட்டே இல்லாத கதவை எப்படிச் சாத்துவது?

Settings இல் Security அல்லது Lock screen என்று இருக்கும் இடத்தில் PIN தெரிவு செய்யுங்கள். ஆறு இலக்கம் போடுங்கள். பிறந்த வருஷம் வேண்டாம், அடையாள அட்டை இலக்கத்தின் தொடக்கமும் வேண்டாம். போனோடு கைப்பையும் போனால், அடையாள அட்டையும் அதற்குள்தான் இருக்கும். கோடு இழுத்துத் திறக்கும் முறையையும் விட்டுவிடுங்கள். விரல் தடம் கண்ணாடியில் தெரியும்.

மூன்றாவது, Find Hub

தொலைந்த போனைத் தேடுவதற்கு கூகுள் வைத்திருக்கும் வசதிக்கு முன்பு Find My Device என்று பெயர். 2025 இல் Find Hub என்று மாற்றினார்கள். உங்கள் போன் பழையதாக இருந்தால் பழைய பெயரே தெரியலாம். இரண்டும் ஒன்றுதான்.

Settings, அதற்குள் Google, அதற்குள் All services. அங்கே Find Hub அல்லது Find My Device என்று இருக்கும். கிடைக்காவிட்டால் Settings இன் மேலே உள்ள தேடும் பெட்டியில் Find என்று அடியுங்கள், வந்துவிடும். அதைத் திறந்து, உள்ளே இருக்கும் சுவிட்ச் எரிகிறதா என்று பாருங்கள். அநேகமாக எரிந்துகொண்டுதான் இருக்கும். அதே பக்கத்தில் Find your offline devices என்று இன்னொன்று இருந்தால், அதையும் அணைக்காமல் விடுங்கள். இன்டர்நெட் இல்லாத நேரத்திலும் போன் கடைசியாக இருந்த இடத்தைக் காட்ட அது உதவும். பிறகு மேலிருந்து திரையை இழுத்து, Location எரிகிறதா என்று பாருங்கள்.

இந்த வசதியில் நமக்கு மூன்று காரியம் நடக்கும். ஒன்று, போனைச் சத்தம் போட வைக்கலாம். இரண்டு, போனைப் பூட்டி, அதன் திரையில் நமது செய்தியைக் காட்டலாம். மூன்று, போனுக்குள் இருப்பதையெல்லாம் அழிக்கலாம்.

சத்தம் போட வைப்பது நமது வேலைக்கு மிகவும் உதவும். மலையில் கொழுந்து எடுக்கும்போது படங்குக்குள் செருகிய போன் நழுவித் தேயிலை மரத்தடியில் விழுந்துவிடுகிறது. கங்காணி பேசுவார் என்று சைலண்டில் போட்டிருப்போம். வேறொரு போனிலிருந்து அழைத்தால் மணி கேட்காது. ஆனால் Find Hub இல் Play sound கொடுத்தால், சைலண்டில் இருக்கும் போனும் முழுச் சத்தத்தில் ஐந்து நிமிடம் அடிக்கும். மூன்று நான்கு நிரை தள்ளி நின்றாலும் கேட்கும். இதற்கு அந்த மலையில் சிக்னலும், போனில் டேட்டாவும் இருக்க வேண்டும்.

அழிப்பதைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அழித்த பிறகு அந்தப் போன் எங்கே இருக்கிறது என்று Find Hub இல் பார்க்க முடியாது. மெமரி கார்டில் உள்ளவை அழியாமலும் இருக்கலாம். ஆகவே அது கடைசி வேலை. போன் இனிமேல் கிடைக்காது என்று தெரிந்த பிறகுதான் அந்தப் பட்டனைத் தொட வேண்டும்.

நான்காவது, Remote Lock

Find Hub இல் ஒரு சிக்கல் இருக்கிறது. வேறொருவரின் போனிலிருந்து அதற்குள் போக, நமது ஜிமெயிலும் கடவுச்சொல்லும் வேண்டும். பஸ்ஸில் போனைப் பறிகொடுத்துப் பதறிக்கொண்டு நிற்கும்போது கடவுச்சொல் ஞாபகத்துக்கு வராது. வந்தாலும், இன்னொரு சிக்கல் வரலாம். புதிய போனிலிருந்து யாரோ உள்ளே வருகிறார்களே என்று கூகுள் சந்தேகப்பட்டு, "இது நீங்கள்தானா" என்று கேட்கும். அந்தக் கேள்வியை எங்கே அனுப்பும்? தொலைந்த போனுக்கே அனுப்பும். இல்லாவிட்டால் தொலைந்த சிம்முக்கு ஒரு இலக்கம் அனுப்பும். வீட்டுச் சாவியை வீட்டுக்குள்ளே வைத்துப் பூட்டிய கதைதான்.

அதற்காகத்தான் Remote Lock. இதற்குக் கடவுச்சொல் தேவையில்லை. போன் இலக்கம் மட்டும் போதும். அன்ட்ரொயிட் 10 அல்லது அதற்கு மேற்பட்ட போன்களில் கிடைக்கும். விலை குறைந்த சில போன்களில் இந்தப் பக்கமே வராது. அவர்கள் Find Hub ஐ மட்டும் நம்ப வேண்டியதுதான்.

Settings, Google, All services என்று அதே வழியில் போங்கள். அங்கே Theft protection என்று இருக்கும். அதற்குள் Remote Lock. அதை எரிய விடும்போது உங்கள் போன் இலக்கத்தைக் கேட்டு உறுதிப்படுத்தும். இந்த உறுதிப்படுத்தலை முடிக்காமல் பாதியில் விட்டால், பூட்ட வேண்டிய நாளில் பூட்டாது. பிறகு சிம்மை மாற்றினீர்கள் என்றால் மறுபடியும் இந்தப் பக்கத்துக்கு வந்து புது இலக்கத்தை உறுதிப்படுத்துங்கள்.

போன் தொலைந்த அன்று பாவிக்க வேண்டிய முகவரி android.com/lock. பக்கத்தில் இருக்கும் யாருடைய போனிலும் இதைத் திறக்கலாம். இலங்கை என்ற நாட்டுக் குறியீட்டோடு உங்கள் இலக்கத்தைப் போட்டால், போன் பூட்டிக்கொள்ளும். பிறகு உங்கள் வழக்கமான PIN போட்டால்தான் திறக்கும். போன் மறுபடி கையில் கிடைத்தால், அதே PIN போட்டுத் திறந்துகொள்ளலாம். எதுவும் அழியாது. அதனால் சந்தேகமாக இருந்தாலும் தயங்காமல் முதலில் பூட்டுங்கள். வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்திருந்தாலும் நட்டமில்லை.

அதே Theft protection பக்கத்தில் Theft Detection Lock, Offline Device Lock என்று இரண்டு சுவிட்ச் இருந்தால் அவற்றையும் எரிய விடுங்கள். முதலாவது, போனைக் கையிலிருந்து யாரோ பறித்துக்கொண்டு ஓடுவது போல அசைவு தெரிந்தால், போன் தானாகவே பூட்டிக்கொள்ளும். இரண்டாவது, திறந்த போனின் இன்டர்நெட்டை யாரும் துண்டித்தால் பூட்டிக்கொள்ளும்.

டேட்டா அணைந்திருந்தால் என்ன ஆகும்?

இதைக் கேட்காமல் வீட்டுக்குப் போகக்கூடாது. ஏனென்றால் நாம் காசை மிச்சம் பிடிக்க டேட்டாவை அணைத்துத்தான் வைத்திருக்கிறோம்.

பூட்டு என்று நாம் சொல்லும் கட்டளை, இன்டர்நெட் வழியாகத்தான் போனுக்குப் போய்ச் சேரும். டேட்டா அணைந்திருந்தால், பக்கெட் முடிந்திருந்தால், சிக்னல் இல்லாவிட்டால், போன் ஓஃப் செய்யப்பட்டிருந்தால் கட்டளை போய்ச் சேராது. போன் மறுபடி இன்டர்நெட்டுக்கு வந்தால்தான் ஏதாவது நடக்கும். அதுவரைக்கும் நம்மைக் காப்பாற்றுவது ஏற்கனவே போட்டு வைத்த திரைப் பூட்டு மட்டும்தான். அதனால்தான் PIN பற்றி அவ்வளவு நேரம் பேசினேன்.

எப்போதும் டேட்டாவைப் போட்டு வையுங்கள் என்று நான் சொல்லவில்லை. சம்பளத்தில் அதற்கு இடமில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் டவுனுக்குப் போகும் நாளில், கோயில் திருவிழாவுக்குப் போகும் நாளில், நெரிசலான பஸ்ஸில் ஏறும் நேரத்தில் டேட்டாவையும் Location ஐயும் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு அணைத்துக்கொள்ளலாம். வட்ஸ்அப் வீடியோ பார்க்காமல் சும்மா இருந்தால் பெரிதாக டேட்டா போகாது.

இதிலிருந்து இன்னொன்றும் விளங்கும். போன் தொலைந்தவுடன் நாம் செய்யும் முதல் வேலை என்ன? சிம் கம்பனிக்கு அழைத்து சிம்மைத் துண்டிக்கச் சொல்வது. சிம்மைத் துண்டித்தால் அதன் டேட்டாவும் துண்டிக்கப்படும். பிறகு அனுப்பும் பூட்டுக் கட்டளை போகாது. ஆகவே முதலில் பூட்டு, அதற்குப் பிறகுதான் சிம். இடையில் பத்து நிமிடத்துக்கு மேல் எடுக்காதீர்கள். ஏனென்றால் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால், வங்கி அனுப்பும் இலக்கங்கள் எடுத்தவன் கைக்குப் போகும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு

இதையெல்லாம் சேர்த்து ஒரு உதாரணமாகப் பார்ப்போம். தீபாவளிக்கு முந்திய ஞாயிறு. ஒரு அக்கா துணி எடுக்க ஹட்டனுக்குப் போகிறார். கூட மகள், பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறார். இருவரிடமும் போன் இருக்கிறது. காலையில் புறப்படும்போதே அக்கா டேட்டாவையும் Location ஐயும் போட்டுக்கொண்டார்.

11.20 க்கு பஸ் தரிப்பிடத்தில் கைப்பையைப் பார்த்தால் போன் இல்லை. முதலில் மகளின் போனிலிருந்து அழைத்துப் பார்க்கிறார்கள். மணி அடிக்கிறது, யாரும் எடுக்கவில்லை. மணி அடிப்பதால் போன் இன்னும் ஓஃப் ஆகவில்லை என்று தெரிகிறது. இரண்டாவது தடவை அழைத்து நேரத்தை வீணாக்கவில்லை.

11.24 க்கு மகள் android.com/lock திறந்து அம்மாவின் இலக்கத்தைப் போடுகிறார். போன் பூட்டிக்கொண்டது. இனி எடுத்தவர் கையில் திறந்த போன் இல்லை.

11.27 க்கு மகள் தன் போனின் பிரவுசரில் New Incognito tab திறந்து, android.com/find போய், அம்மாவின் ஜிமெயிலைப் போடுகிறார். ஏன் Incognito? அதை மூடியவுடன் அம்மாவின் கணக்கு அந்தப் போனில் தங்காது. சிலர் Settings இல் போய் அம்மாவின் ஜிமெயிலையே மகளின் போனில் சேர்த்துவிடுவார்கள். அப்படிச் செய்யத் தேவையில்லை, அது பிறகு குழப்பம் தரும். கூகுள் ஒரு உறுதிப்படுத்தும் இலக்கம் கேட்டால், அதற்கு வீட்டில் பாஸ் புத்தகத்துக்குள் ஒரு கடதாசி இருக்கிறது. தம்பிக்கு அழைத்து வாசிக்கச் சொல்கிறார்கள். அந்தக் கடதாசி என்ன என்று பிறகு சொல்கிறேன்.

11.32 க்கு வரைபடம் திறக்கிறது. போன் தரிப்பிடத்துக்கு அருகில் ஒரு வட்டத்துக்குள் காட்டுகிறது. பூட்டும் இடத்தில் ஒரு செய்தி எழுதுகிறார்கள்: "இந்தப் போன் தொலைந்தது. தயவுசெய்து அழைக்கவும்." அதே வரியைச் சிங்களத்திலும் எழுதுகிறார்கள். ஹட்டன் பஸ்ஸில் போனைக் கண்டெடுப்பவர் எந்த மொழிக்காரராகவும் இருக்கலாம். கீழே மகளின் இலக்கத்தைப் போடுகிறார்கள். பலர் இந்த இடத்தில் பழக்கதோஷத்தில் தொலைந்த போனின் இலக்கத்தையே போட்டுவிடுகிறார்கள். அந்த இலக்கத்துக்கு அழைத்தால் யார் எடுப்பது?

11.40 வரை யாரும் அழைக்கவில்லை. இப்போது சிம் கம்பனிக்கு அழைத்துத் துண்டிக்கிறார்கள். பிறகு பொலிஸ் நிலையம் போய் முறைப்பாடு செய்கிறார்கள். அங்கே கேட்பது போனின் IMEI இலக்கம். அதுவும் அந்தக் கடதாசியில் இருக்கிறது. அடுத்த நாள் அடையாள அட்டையோடு போய் அதே இலக்கத்துக்குப் புது சிம் எடுக்கிறார்.

போன் கிடைத்ததா? கிடைத்திருக்கலாம், கிடைக்காமலும் போயிருக்கலாம். ஆனால் அஸ்வெசும காசு வருகிற வங்கிக் கணக்கின் செய்திகளும், பிள்ளைகளின் படங்களும், சங்கக் குழுவில் பேசியவையும் வெளியாள் கைக்குப் போகவில்லை. இருபது நிமிடத்தில் முடிந்த வேலை இது. காரணம், அதற்கு முன்பே ஒரு மாலை நேரம் உட்கார்ந்து அரை மணித்தியாலம் செலவழித்ததுதான்.

வட்டத்தை நம்பி யாரையும் சந்தேகிக்காதீர்கள்

வரைபடத்தில் தெரியும் புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம் இருக்கும். போன் அந்தப் புள்ளியில் இருக்கிறது என்று அர்த்தமல்ல. அந்த வட்டத்துக்குள் எங்கேயோ இருக்கிறது என்றுதான் அர்த்தம். திறந்த வெளியில் வட்டம் சிறியதாக இருக்கும். தகரக் கூரைக்குக் கீழே, மலைச் சரிவில், டவர் ஒன்றை மட்டும் பிடிக்கும் இடத்தில் வட்டம் மிகவும் பெரிதாகிவிடும். ஒரு லயம் முழுவதும் அதற்குள் வரலாம். இரண்டு மூன்று லயங்களும் வரலாம்.

ஆகவே "மெப்பில் உங்கள் காம்பிராவைக் காட்டுகிறது" என்று சொல்லிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய் நிற்கக்கூடாது. லயத்தில் சுவருக்குச் சுவர் ஒட்டி வாழ்கிற நாம், ஒரு போனுக்காகத் தலைமுறைப் பகையைத் தேடிக்கொள்ளக்கூடாது. முதலில் Play sound கொடுத்துப் பாருங்கள். சொந்த வீட்டுக் கட்டிலுக்கு அடியிலேயே அடிக்கலாம். டவுனில் தெரியாத இடத்தைக் காட்டினால் தனியாகப் போகாதீர்கள், பிள்ளைகளை அனுப்பாதீர்கள். திரையில் தெரிவதைப் பொலிஸாரிடம் காட்டுங்கள்.

அதேபோல், "உங்கள் போன் எங்களிடம் இருக்கிறது, திறக்கிற இலக்கத்தைச் சொல்லுங்கள்" என்று யாரும் அழைத்தால் சொல்லாதீர்கள். போனைத் திருப்பித் தருகிறவருக்கு உங்கள் PIN தேவையில்லை. மெசேஜில் வந்த இலக்கத்தைக் கேட்டாலும் அப்படியே.

அந்தக் கடதாசி

இப்போது கடதாசிக்கு வருவோம். அதில் எழுத வேண்டியவை நான்கு.

முதலாவது, IMEI. போனில் *#06# என்று அடியுங்கள். 15 இலக்கம் கொண்ட எண் திரையில் வரும். இரண்டு சிம் போனில் இரண்டு வரும், இரண்டையும் எழுதுங்கள். போன் வாங்கிய பெட்டியும் பில்லும் இருந்தால் அவற்றையும் எறியாமல் வையுங்கள்.

இரண்டாவது, உங்கள் ஜிமெயில் முகவரி. முகவரி மட்டும். கடவுச்சொல்லை அதே கடதாசியில் எழுத வேண்டாம். அதை மனதில் வையுங்கள், அல்லது நீங்கள் முழுதாக நம்பும் ஒருவரிடம் வேறாகக் கொடுத்து வையுங்கள்.

மூன்றாவது, மாற்று இலக்கங்கள். உங்கள் கணக்கில் 2-Step Verification போட்டிருந்தால், அதே பக்கத்தில் Backup codes என்று இருக்கும். அதைத் தொட்டால் எட்டு இலக்கம் கொண்ட பத்து எண்கள் தரும். தொலைந்த போனுக்குச் செய்தி அனுப்புவதற்குப் பதிலாக, இவற்றில் ஒன்றைப் போட்டு உள்ளே போகலாம். ஒவ்வொன்றும் ஒரு தடவைதான் செல்லும். பாவித்ததை வெட்டி விடுங்கள்.

நான்காவது, வீட்டில் இரண்டு பேருடைய போன் இலக்கமும், சிம் கம்பனியின் வாடிக்கையாளர் இலக்கமும், android.com/lock என்ற முகவரியும்.

இந்தக் கடதாசி வீட்டில் பாஸ் புத்தகத்தோடு, பிறப்புச் சான்றிதழ்களோடு இருக்க வேண்டும். போன் கவருக்குள் மடித்து வைக்கக்கூடாது. கைப்பையிலும் வேண்டாம்.

இன்னொரு பயனும் இதில் இருக்கிறது. போன் பழுதாகி யாரோ முழுவதும் அழித்துவிட்டால், மறுபடி திறக்கும்போது பழைய ஜிமெயிலைக் கேட்கும். திருடிய போனைத் திருடன் பாவிக்காமல் இருப்பதற்காக வைத்த தடை அது. ஜிமெயில் தெரியாவிட்டால் அந்தத் தடை சொந்தக்காரரையே வெளியே நிறுத்திவிடும்.

இன்றைக்கே ஒத்திகை

தேநீருக்கு முன்பு ஒரு வேலை செய்வோம். பக்கத்தில் இருப்பவரோடு சோடி சேருங்கள். ஒருவர் தன் போனைச் சைலண்டில் போட்டு மேசையில் வைக்கட்டும். மற்றவரின் போனில் Incognito திறந்து, android.com/find போய், போனின் சொந்தக்காரர் தானே தன் ஜிமெயிலைப் போட்டு Play sound கொடுக்கட்டும். கடவுச்சொல்லை வாய்விட்டுச் சொல்ல வேண்டாம். சைலண்டில் இருக்கும் போன் அடித்தால் உங்கள் ஏற்பாடு சரி. அடிக்காவிட்டால் டேட்டாவையும் Find Hub சுவிட்சையும், அதில் எந்த ஜிமெயில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். இந்த மூன்றில் ஒன்றாகத்தான் அநேகமாக இருக்கும்.

அது சரி வந்த பிறகு android.com/lock இல் உங்கள் இலக்கத்தைப் போட்டு ஒரு தடவை பூட்டிப் பாருங்கள். உங்கள் PIN போட்டுத் திறந்துகொள்ளுங்கள்.

தோட்டத்துக்குத் திரும்பிய பிறகு, ஒவ்வொரு தலைவியும் தன் லயத்தில் ஐந்து வீட்டுக்கு இதைச் செய்து கொடுங்கள். தீபாவளி நெரிசலுக்கு முன்பு முடித்துவிட வேண்டும். செய்து கொடுக்கும்போது கடவுச்சொல்லை வீட்டுக்காரரே அடிக்கட்டும், நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் நம்மை விட வேகமாகச் செய்வார்கள், அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். செய்து முடித்த வீடுகளின் எண்ணிக்கையை அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். எந்த வகைப் போனில் Remote Lock பக்கம் வரவில்லை என்பதையும் குறித்துக்கொண்டு வாருங்கள், அவர்களுக்கு வேறாகப் பார்ப்போம்.

சரி, போன்களை எடுங்கள். முதல் சோடி யார்?